ஸ்விட்சை மாற்றச் சொன்ன கடிதம் பிறந்த கதை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கோப்பில் இரண்டரைப் பக்கக் கடிதம் ஒன்று இருக்கிறது. ‘பொருள்: சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சுகளை நீக்கி, மேனேஜ்டு ஸ்விட்சுகள் பொருத்த அனுமதி கோருதல்’ என்று தொடங்கும். கேட்ட தொகை 2,51,000 ரூபாய். எழுதியவன் நான். ஆனால் அதன் ஒவ்வொரு பத்தியும் யாரோ கேட்ட ஒரு கேள்வியிலிருந்தோ, தொழிற்சாலையில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்தோதான் வந்தது. இப்படி ஒரு கடிதத்தை எழுத வேண்டிய நிலையில் இருக்கும் மற்ற ஐ.டி. ஊழியர்களுக்கு இந்தக் கதை உதவும்.

முதல் பத்தி ஒரு நிறுத்தத்தில் பிறந்தது. பேக்கிங் பிரிவில் காலையில் மேசைகளை நகர்த்திச் சுத்தம் செய்திருந்தார்கள். ஒரு கேபிளின் முனை தரையில் கிடந்தது. கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்து, யாரோ நல்ல மனதோடு அதை மேசைக்கு அடியில் இருந்த எட்டு போர்ட் ஸ்விட்சில் செருகிவிட்டார்கள். அந்தக் கேபிளின் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில்தான் இருந்தது. அப்போது மணி 10.20. சில நொடிகளில் பேக்கிங்கில் பார்கோடு ஸ்டிக்கர் அடிப்பது நின்றது. பிறகு கட்டிங், ஸ்டோர்ஸ், அலுவலகம் என்று கட்டடம் முழுக்க ஈஆர்பி திரை உறைந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு மேசைக்கு அடியில் செருகிய கேபிள் நான்கு பிரிவுகளை நிறுத்துவது எப்படி? ஈதர்நெட்டின் அடிப்படையில் இருக்கும் ஒரு குணம்தான் காரணம். சில செய்திகள் குறிப்பிட்ட ஒரு கணினிக்கு இல்லாமல் எல்லாருக்கும் என்று அனுப்பப்படுபவை. அவற்றை பிராட்காஸ்ட் என்கிறோம். ஒரு போர்ட்டில் பிராட்காஸ்ட் வந்தால், ஸ்விட்ச் அதை மற்ற எல்லா போர்ட்டுகளிலும் பிரதியெடுத்து அனுப்பும். இரண்டு போர்ட்டுகளை ஒரே கேபிள் இணைத்திருந்தால் அனுப்பியது அதே ஸ்விட்சுக்குள் திரும்பி வரும். ஸ்விட்ச் மறுபடி எல்லா போர்ட்டிலும் அனுப்பும். இணையத்தின் ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரௌட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும், பூஜ்ஜியமானால் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஈதர்நெட் ஃபிரேமில் அந்த எண் கிடையாது. கேபிளைப் பிடுங்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய ஃபிரேம்கள் நொடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம் போகும். நூறு மெகாபிட் இணைப்பிலேயே 1.49 லட்சம். அத்தனையையும் கட்டடத்தின் ஒவ்வொரு கணினியும் வாங்கிப் பார்க்க வேண்டும். உண்மையான வேலைக்கு வழியே இருக்காது.

லூப் விழுந்திருப்பதை விளக்குகளை வைத்துத்தான் முதலில் கண்டுகொள்வோம். சாதாரண நேரத்தில் ஸ்விட்ச் விளக்குகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் சிமிட்டும். லூப் விழுந்தால் எல்லாம் ஒன்றாக, ஒரே வேகத்தில், இடைவெளி இல்லாமல் துடிக்கும். ஆனால் எந்த போர்ட்டிலிருந்து வருகிறது என்று சாதாரண ஸ்விட்ச் சொல்லாது. அதற்கு முகவரி கிடையாது, உள்ளே நுழைந்து பார்க்கத் திரை கிடையாது, நடந்ததைப் பதியும் குறிப்பும் கிடையாது. மைய ஸ்விட்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது துடிப்பு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பிரிவுக்குப் போய் அங்கேயும் அதையே செய்ய வேண்டும். பேக்கிங்கில் மேசைகளுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்திருந்த சின்ன ஸ்விட்சைக் கண்டுபிடித்தபோது மணி 1.35.

மறுநாள் எழுதிய முதல் வரைவு ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகத்தான் வந்தது. விலான், எஸ்என்எம்பி, ஸ்பானிங் ட்ரீ என்று வரிசையாக இருந்தது. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அதை முழுக்கப் படித்தார். முப்பது வருட அனுபவம் உள்ளவர். ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விகள் எழுதித் திருப்பித் தந்தார். ‘நின்றதால் கையிலிருந்து போன பணம் எவ்வளவு? மாற்றினால் இனி நிற்கவே நிற்காதா? இதைவிடக் குறைவாகச் செய்ய முடியாதா?’ கடிதத்தின் எலும்புக்கூடு அந்த மூன்று கேள்விகள்தான்.

முதல் கேள்விக்கு நான் போட்ட கணக்கில், வேலையின்றி உட்கார்ந்திருந்த எல்லாருடைய மணிநேரச் சம்பளமும் இருந்தது. அவர் அதை அடித்தார். “தம்பி, ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு நெட்வொர்க் ஓடினாலும் நின்னாலும் அதே சம்பளந்தானுங்க. அதை நஷ்டம்னு எழுதினா முதலாளி முதல் கேள்வியே அங்கதான் கேட்பாரு. கூடுதலா எதுக்குப் பணம் கொடுத்தோமோ அதை மட்டும் எழுதுங்க” என்றார். ஸ்விட்ச் விற்பவர்கள் காட்டும் நஷ்டக் கணக்குகளில் பெரும்பாலும் இந்தப் பிழை இருக்கும். எல்லாருடைய நேரத்தையும் ரூபாயாக்கினால் தொகை பெரிதாகும், ஆனால் வவுச்சரில் அதைக் காட்ட முடியாது.

அவர் சொன்னபடி போட்ட கணக்கு இது. மாலையில் பேக்கிங்கில் இருபது பேர் மூன்று மணி நேரம் கூடுதலாக வேலை செய்தார்கள். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், மணிக்கு 120 ரூபாய். அது 7,200 ரூபாய். லாரிக்குக் காத்திருப்புக் கூலி 4,000. வெளியிலிருந்து அழைத்த டெக்னீஷியனுக்கு 3,000. மொத்தம் 14,200 ரூபாய். நான் முதலில் போட்டதைவிட மிகக் குறைவு. ஆனால் மூன்றுக்கும் ரசீது இருந்தது.

அதே முறையில் அந்த ஆண்டின் மற்ற நிறுத்தங்களையும் பழைய ரிஜிஸ்டரிலிருந்து எடுத்தோம். மொத்தம் ஐந்து. இரண்டு லூப்புகளுக்கு 23,700 ரூபாய். அடையாளம் தெரியாத ஒரு வைஃபை ரௌட்டரால் வந்த நிறுத்தத்துக்கு 11,000. பழுதான ஒரு கேபிளுக்கு 6,800. ஒரு ஸ்விட்சின் பவர் அடாப்டர் எரிந்ததற்கு 4,300. ஆக மொத்தம் 45,800 ரூபாய்.

இதில் வைஃபை ரௌட்டர் விஷயம் கடிதத்தில் தனிப் பத்தியாக வந்தது, ஏனென்றால் அந்த நிறுத்தம் விசித்திரமாக இருந்தது. காலையில் சில கணினிகளில் ஈஆர்பி திறந்தது, சிலவற்றில் திறக்கவில்லை. முந்தைய இரவு அணைக்காமல் விட்ட கணினிகள் நன்றாக ஓடின, காலையில் புதிதாகப் போட்டவைதான் தவித்தன. தவித்த ஒன்றில் `ipconfig /all` அடித்தால், எங்கள் `192.168.10.x` முகவரிக்குப் பதிலாக `192.168.0.x` இருந்தது. முகவரி கொடுத்த சர்வர் என்று `192.168.0.1` காட்டியது. எங்களிடம் அப்படி ஒரு சர்வரே கிடையாது. யாரோ வீட்டு ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து நெட்வொர்க்கில் செருகியிருக்கிறார்கள், அது கேட்பவர்களுக்கெல்லாம் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது. `arp -a` கட்டளையில் அதன் மேக் முகவரியும் கிடைத்தது. ஆனால் அது எந்த போர்ட்டில் இருக்கிறது? சாதாரண ஸ்விட்சும் எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தனக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. அதை நமக்குக் காட்டாது, அவ்வளவுதான். அறை அறையாகத் தேடி, ஸ்டோர்ஸ் அலமாரிக்கு மேல் கண்டெடுத்தோம். மேனேஜ்டு ஸ்விட்சில் அந்தப் பட்டியலைத் திறந்தால் போர்ட் எண் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டிருந்தால் தேடவே வேண்டியதில்லை. முகவரி வழங்கும் உரிமை சர்வர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும்தான். வேறு போர்ட்டிலிருந்து வரும் பதில்களை ஸ்விட்சே தடுத்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. இனி நிற்கவே நிற்காதா? பதிலைப் பேச்சில் சொல்லாமல், விற்பனையாளரிடம் ஒரு மேனேஜ்டு ஸ்விட்சைச் சோதனைக்கு வாங்கி, அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் மேசையிலேயே வைத்துக் காட்டினேன். இரண்டு லேப்டாப், ஒரு சின்ன ஸ்விட்ச், நான்கைந்து கேபிள்கள். ஒரு லேப்டாப் இன்னொன்றை விடாமல் பிங் செய்துகொண்டிருந்தது. முதலில் மேனேஜ்டு ஸ்விட்சிலேயே ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் செருகினேன். ஒரு போர்ட்டை ஸ்விட்ச் தானே மூடிவிட்டது. பிங் நிற்கவில்லை.

இந்த வித்தைக்குப் பின்னால் இருப்பது ஸ்பானிங் ட்ரீ. டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985-இல் வடிவமைத்தது. பின்னர் 802.1D என்ற தரமாக வந்தது. ஸ்விட்ச் தன் போர்ட்டுகளில் இரண்டு நொடிக்கு ஒருமுறை பிபிடியூ என்ற சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். தான் அனுப்பியது வேறு வழியாகத் தன்னிடமே வந்தால், அங்கே வட்டம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு ஒரு வழியை மூடிவிடும். கணினிகளுக்கான போர்ட்டுகளில் பிபிடியூ கார்டு என்ற அமைப்பைப் போட்டால், அங்கே அந்தச் செய்தி எட்டிப்பார்த்ததுமே போர்ட் அணைந்துவிடும்.

அடுத்து, எங்கள் தொழிற்சாலையில் உண்மையில் நடந்ததைச் செய்து பார்த்தோம். மேனேஜ்டு ஸ்விட்சோடு சின்ன சாதாரண ஸ்விட்சை இணைத்து, அந்தச் சின்ன ஸ்விட்சுக்குள் லூப் போட்டோம். ஒரு சின்ன ஸ்விட்சை இணைத்தபோது மேனேஜ்டு ஸ்விட்சின் போர்ட் உடனே அணைந்தது. வேறொரு மாடலைச் செருகியபோது அணையவில்லை. இரண்டும் எங்கள் பேக்கிங்கிலிருந்து எடுத்து வந்தவைதான். சில மாடல்கள் பிபிடியூவைக் கடத்துகின்றன, சில அதை விழுங்கிவிடுகின்றன. பிபிடியூவுக்கென்று ஒதுக்கிய முகவரிக்கு வரும் ஃபிரேம்களை ஸ்விட்ச் கடத்தக் கூடாது என்பது தரத்தில் இருக்கும் விதி என்பதால், விழுங்குவதையும் குறை சொல்ல முடியாது. விழுங்கப்பட்ட செய்தி திரும்பி வராது, மேலே இருக்கும் ஸ்விட்சுக்கு வட்டமும் தெரியாது. அப்போது கைகொடுத்தது ஸ்டார்ம் கன்ட்ரோல். ஒரு போர்ட்டில் பிராட்காஸ்ட் இவ்வளவுக்கு மேல் வந்தால் அதை மூடு என்று ஒரு வரம்பு வைப்பது. அதைப் போட்டதும் அந்த போர்ட்டும் அணைந்தது. ஆனால் சின்ன ஸ்விட்சில் இணைந்திருந்த லேப்டாப் தொடர்பற்றுப் போனது.

“அப்ப அந்த மேசையில இருக்கிறவங்களுக்கு நிக்கத்தான் செய்யும், இல்லைங்களா?” என்று அக்கவுண்ட்ஸ் மேனேஜர் கேட்டார். ஆமாம் என்றேன். இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் கடிதத்தின் செலவுப் பட்டியலில் வரும் 45,000 ரூபாய். மேசைக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்சுகளை விட்டுவைத்துவிட்டுப் பெரியவற்றை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடியும். ஆகவே முப்பது இடங்களுக்கு நேரடியாகக் கேபிள் இழுத்து, சின்ன ஸ்விட்சுகளை அகற்றுவது என்று சேர்த்தோம், இடத்துக்கு 1,500 ரூபாய் வீதம். விலைப்பட்டியலில் ஸ்விட்ச் விலையை மட்டும் போடுபவர்களுக்குப் பிறகு கையைக் கடிக்கும் இடம் இது.

செலவுப் பட்டியல் இப்படி வந்தது. 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச், எங்களுக்கு வந்த கொட்டேஷனில் 24,000 ரூபாய். ஆறு இடங்களுக்கு ஆறு, கையிருப்பாக ஒன்று, ஆக ஏழுக்கு 1,68,000. கேபிள் வேலை 45,000. பூட்டுப் போட்ட நான்கு சுவர் ரேக் 18,000. அமைத்துக் கொடுக்க 20,000. மொத்தம் 2,51,000. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அது உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பிவிடும் என்பதால் ஒப்பீட்டில் சேர்க்காமல், கையில் வைத்திருக்க வேண்டிய பணமாகத் தனியே குறிக்கச் சொன்னார். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், ஆண்டுக்கு 50,200 ரூபாய்.

இப்போது பலன். ஐந்து நிறுத்தங்களில் எதையெல்லாம் இந்த ஸ்விட்சுகள் தடுத்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். லூப்புகளும் ரௌட்டரும் தடுக்கப்பட்டிருக்கும், அது 34,700 ரூபாய். கேபிள் பழுதைத் தடுக்காது. ஆனால் மேனேஜ்டு ஸ்விட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை ஃபிரேம்கள் சிதைந்து வந்தன என்று எண்ணி வைக்கும், அதனால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். பாதியை, 3,400 ரூபாயை மட்டும் சேர்த்தோம். எரிந்த அடாப்டருக்குப் பூஜ்ஜியம். ஆக, மிச்சப்படுவது ஆண்டுக்கு 38,100 ரூபாய். செலவு 50,200. பற்றாக்குறை 12,100.

அந்தப் பற்றாக்குறையை மறைக்க வழிகள் இருந்தன. ஆயுளை ஏழு ஆண்டு என்று நீட்டினால் கணக்கு லாபமாக மாறியிருக்கும். நாங்கள் அதைச் செய்யவில்லை. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பழைய கோப்பிலிருந்து ஒரு பில்லை எடுத்தார். வேறொரு தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டு, எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பிய ஒரு சரக்கின் பில். அது நாங்கள் கேட்கும் மொத்தத் தொகையைவிடப் பெரியது. லூப் விழுந்த அன்று லாரி துறைமுகத்தின் கடைசி நேரத்துக்குள் போய்விட்டது. இன்னும் சில மணி நேரம் நின்றிருந்தால் போயிருக்காது. ஆகவே கடிதத்தில் இப்படி எழுதினோம்: ‘இந்த மாற்றத்தால் ஆண்டுக்கு நிகரமாக 12,100 ரூபாய் கூடுதல் செலவாகும். நெட்வொர்க் நிறுத்தத்தால் ஒரு சரக்கு கப்பலைத் தவறவிடும் வாய்ப்பைக் குறைப்பதற்கு நாம் கட்டும் காப்பீட்டு பிரீமியமாக இதைக் கருதலாம்.’ முதலாளி அடிக்கோடிட்டது இந்த வரியைத்தான்.

இதற்குக் கீழே ‘இது செய்யாதவை’ என்று ஒரு பகுதி. மின்சாரம் போனால் உதவாது. இணைய நிறுவனத்தின் இணைப்பு அறுந்தால் உதவாது. அமைக்காமல் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால், விலை உயர்ந்த சாதாரண ஸ்விட்சாகத்தான் இருக்கும். இதற்கு ஓர் உதாரணமும் கொடுத்தோம். ஸ்பானிங் ட்ரீயில் ஒரு ஸ்விட்ச் தலைமையாக இருக்கும். நாம் முன்னுரிமை எண் கொடுக்காவிட்டால் எல்லாவற்றிலும் 32768 என்றே இருக்கும், அப்போது மிகச் சிறிய மேக் முகவரி கொண்டதே தலைமையாகும். பெரும்பாலும் அது பழைய ஸ்விட்ச், எங்கோ ஒரு மூலையில் இருப்பது. மைய ஸ்விட்சுக்குக் குறைந்த எண் கொடுப்பது, பாஸ்வேர்டை மாற்றுவது, அமைப்புக் கோப்பின் பிரதியை வைத்திருப்பது, எந்த போர்ட் எந்த மேசைக்கு என்று வரைபடம் தயாரிப்பது, இவை நான்கையும் வேலை முடிந்ததற்கான நிபந்தனையாகவே சேர்த்தோம். அமைக்கும் கட்டணம் இந்த நான்கும் கைக்கு வந்த பிறகுதான்.

மூன்றாவது கேள்வி, குறைவாகச் செய்ய முடியாதா? இதற்குப் பதிலாக இரண்டு கட்டங்கள் என்ற யோசனை வந்தது. முதல் கட்டத்தில் மைய ஸ்விட்ச், பேக்கிங் ஸ்விட்ச், ஒரு கையிருப்பு, பேக்கிங்குக்கு மட்டும் பதினைந்து கேபிள்கள், இரண்டு ரேக், அமைப்பு வேலை, ஆக 1,15,500 ரூபாய். எல்லாப் பிரிவுகளும் மைய ஸ்விட்சில் வந்து சேர்வதால், அது ஒன்று மேனேஜ்டாக இருந்தாலே ஒரு பிரிவின் லூப் மற்ற பிரிவுகளுக்குப் பரவாது, அந்தப் பிரிவு மட்டும்தான் நிற்கும். நின்றால் நேரடியாகப் பணம் போகும் பிரிவு பேக்கிங் என்பதால் அதற்கு முழுப் பாதுகாப்பு. கையெழுத்தானது இந்தக் கட்டம்தான். ஓரத்தில் முதலாளியின் குறிப்பு: ‘ஆறு மாத ரிஜிஸ்டரைக் காட்டிவிட்டு இரண்டாம் கட்டத்துக்கு வரவும்.’

அந்தக் குறிப்பால் இரண்டாவது கடிதம் வேறு மாதிரி பிறந்தது. மைய ஸ்விட்சின் எண்ணிக்கைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, தையல் பிரிவிலிருந்து வரும் போர்ட்டில் சிதைந்த ஃபிரேம்கள் நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தன, அதுவும் வேலை நேரத்தில் மட்டும். ‘தையல்ல எப்பவுமே கொஞ்சம் ஸ்லோ’ என்று எல்லாரும் பழகிப்போயிருந்த பிரச்சினை அது. கேபிளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தோம். மெஷின்களுக்குப் போகும் மின்கம்பிகளோடு ஒரே ட்ரேயில் நீண்ட தூரம் ஓடியது. ஆகவே இரண்டாம் கட்டக் கடிதத்தில் முதல் வரிசையில் வந்தது தையல் பிரிவுக்கு ஒரு ஃபைபர் கேபிள், ஏனென்றால் ஒளியைக் கடத்தும் ஃபைபரை மின்காந்த இரைச்சல் தொடாது. புது ஸ்விட்ச் அதற்குப் பிறகுதான். கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்தது. நஷ்டக் கணக்கை ரிஜிஸ்டரில் தேடித் தொகுக்க வேண்டியிருக்கவில்லை. எந்த போர்ட்டில், எந்த நேரத்தில், எத்தனை பிழை என்ற பட்டியலை ஸ்விட்சிலிருந்தே அச்செடுத்து இணைத்தோம்.